ஒளிபுகும் பின்னணியா, கட்டைவிரல் அளவுப் படமா: எழுத்தை அதிகம் கெடுப்பது எது?

படத்தில் உள்ள எழுத்தை மென்பொருள் சரியாகப் படிக்கவில்லை என்றால் காரணம் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கலாம். இரண்டிலும் எழுத்து கெட்டாலும் உள்ளே நடப்பது வேறு.

ஒளிபுகும் பிஎன்ஜி படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு ஆல்ஃபா என்று நான்காவது எண்ணும் உண்டு. ஆல்ஃபா 0 என்றால் அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு அடியிலும் ஒரு நிறம் பதிவாகியிருக்கும், பெரும்பாலும் கறுப்பு (0,0,0). கறுப்பு எழுத்தில் ஒரு கையெழுத்துப் படம் என்று வைத்துக்கொள்வோம். நிரல் ஆல்ஃபாவை மட்டும் கழற்றிவிட்டால் பின்னணியும் கறுப்பாகிவிடும். மிஞ்சுவது ஒரு கறுப்புச் சதுரம்தான். சரி, வெள்ளையில் ஒட்டிவிடலாமே? படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் 4 மென்பொருள் அதைத் தானாகவே செய்கிறது. கறுப்பு எழுத்து அதனால் பிழைக்கும், வெள்ளை எழுத்தில் உள்ள வசனவரி மறைந்துவிடும். ஆகவே எழுத்தின் நிறத்தைப் பார்த்துப் பின்னணியை நாமே தருவது நல்லது. பைத்தானின் பில்லோ நூலகத்தில் இப்படி:

```
from PIL import Image
im = Image.open("a.png").convert("RGBA")
bg = Image.new("RGBA", im.size, "white")
Image.alpha_composite(bg, im).convert("RGB").save("b.png")
```

வெள்ளை எழுத்தாக இருந்தால் `"white"` இருக்கும் இடத்தில் `"black"` போடுங்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் நடுத்தரச் சாம்பல் பரவாயில்லை.

கட்டைவிரல் அளவுச் சிறுபடத்தின் கதை வேறு. 300 டிபிஐ-யில் வருடிய ஏ4 பக்கத்தின் அகலம் 2480 பிக்சல். அதில் 12 பாயின்ட் எழுத்துக்குச் சுமார் 50 பிக்சல் உயரம் கிடைக்கும். அதையே 200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் அந்த 50 வெறும் 4 ஆகிவிடும். 'க்' மேல் இருக்கும் புள்ளி முன்பு நாலைந்து பிக்சல் அகலம் என்றால் இப்போது அரைப் பிக்சல்கூட இல்லை. அது பக்கத்து வெள்ளையோடு கலந்து மங்கலான சாம்பலாகிவிடும். 'க்' எது, 'க' எது என்று சொல்லும் தகவல் அந்தக் கோப்பிலேயே கிடையாது. 'கி', 'கீ' இரண்டையும் பிரித்துக் காட்டும் சிறு சுழிக்கும் இதே கதிதான்.

பெரிதாக்கினால் திரும்ப வராதா என்று கேட்பார்கள். வராது. இருக்கும் பிக்சல்களுக்கு நடுவே சராசரி நிறத்தை நிரப்புவதால் விளிம்பு வழவழப்பாகும், அவ்வளவுதான். போன புள்ளி போனதுதான். அப்புறம், இது கடிதமா, வரைபடமா, முகமா என்று அறிய மட்டும் சிறுபடமே போதும்.

என் கணக்கில் சிறுபடம்தான் ஆபத்தானது. ஒளிபுகும் பின்னணியால் வரும் கோளாறு பெரும்பாலும் வெற்று விடையாக வரும், உடனே கண்ணில் படும், மூலக்கோப்பிலிருந்தே சரிசெய்துவிடலாம். சிறுபடத்தைப் படிக்கும் மென்பொருள், அதுவும் மொழி அறிவை வைத்து ஊகிக்கும் வகை, சரளமான ஒரு வாக்கியத்தையே தந்துவிடும். சொற்கள் பொருந்துவதால் நாமும் நம்பிவிடுவோம். பெயரையும் தொகை எண்ணையும் மட்டும் எடுத்து மூலப்படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊகத்துக்கு இடம் கொடுக்காதவை அவைதான், பிழையும் அங்கேதான் முதலில் தெரியும்.