சுவரில் மாட்டிய சாப்பாட்டு மேசை அம்மாவின் கையோடு பெயர்ந்து வந்தது

சின்ன பிளாட்டில் இருப்பவர்கள் சுவரில் மாட்டும் மடக்கு மேசைக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் சுங்கை சிப்புட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அடுப்படிச் சுவருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவே 165 சென்டிமீட்டர்தான் இடம். அந்த இடத்தில்தான் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நானும் என் மகனும் ஒதுங்கிக்கொள்வோம். அம்மா அப்படி இல்லை. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய முழங்கால் அவருடையது. உட்கார்ந்தால் ஏதாவது ஒன்றைப் பிடித்துத்தான் எழுவார்.

டவுனில் ஒரு மரச்சாமான் கடையில் மேசை வாங்கினேன். அகலம் 80, ஆழம் 60 சென்டிமீட்டர். சுவரில் மடங்கும் இரண்டு முக்கோண இரும்புத் தாங்கிகளை அடித்து, அதன் மேல் பலகையை வைப்பார்கள். வேண்டாதபோது பலகை கீழே மடிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மாட்டும் கூலியோடு 390 வெள்ளி. தாங்கியின் பெட்டியில் 100 கிலோ என்று போட்டிருந்தது. விற்றவர் அதைக் காட்டி, "ரப்பர் கட்டை அக்கா, ஆளே ஏறி நிற்கலாம்" என்றார். அம்மா கைகொடுத்து எழுவதைப் பற்றியும் நான் அவரிடம் சொல்லித்தான் கேட்டேன். ஒன்றும் ஆகாது என்றார்.

மாட்ட வந்த பையன் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனான். பதினோராவது நாள் இரவு அம்மா சாப்பிட்டு முடித்து, மேசையின் முன் ஓரத்தில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி எழுந்தார். பட்டென்று ஒரு சத்தம். இடது தாங்கி சுவரை விட்டு வந்துவிட்டது. பலகை சரிந்தது, குழம்புச் சட்டி அம்மாவின் காலடியில் உடைந்தது. அம்மாவை நான் பிடித்துக்கொண்டேன். குழம்பு ஆறிப்போயிருந்தது, அதனால் புறங்காலில் சின்னச் சிவப்போடு போயிற்று.

கடைக்குப் போனபோது மேசையை விற்ற அதே ஆள், "மேசை சாப்பிடத்தான் அக்கா, சாய்ந்து எழுவதற்கு இல்லை. உங்கள் வீட்டுச் சுவர் சரியில்லை" என்றார். அந்தப் பேச்சுதான் என்னை இதை எழுத வைக்கிறது. சுவரில் ஒரு குற்றமும் இல்லை.

அதை எனக்குக் காட்டியவர் கீழ்மாடியில் இருக்கும் மாமா. வாழ்நாள் முழுக்கத் தச்சு வேலை செய்தவர். தரையில் கிடந்த திருகாணியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அதன் மேல், சுவர்த் துளைக்குள் வைக்கும் பிளாஸ்டிக் பிளக் அப்படியே மாட்டியிருந்தது. பிளக் 25 மில்லிமீட்டர் நீளம்தான். அதைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சிமெண்டுப் பூச்சு ஒட்டியிருந்தது, நுனியில் மட்டும் ஒரு சிட்டிகை செங்கல் சிவப்பு. "பாரும்மா, உன் சுவரில் பூச்சே இருபது மில்லி. செங்கல்லுக்குள் போனது இந்த நுனி மட்டும்தான். பூச்சில் மேசை மாட்டியிருக்கிறான்" என்றார். பூச்சு ஒரு பிடிமானமே இல்லை. இழுத்தால் உதிர்ந்துவிடும்.

அப்போ 100 கிலோ என்று போட்டிருந்ததே என்று கேட்டேன். அதற்கு அவர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். எனக்கு இதுதான் மிகவும் பயன்பட்டது. பெட்டியில் போடும் எடை, நல்ல சுவரில் சரியாக மாட்டிய இரண்டு தாங்கிகளின் மேல் பரவலாக வைக்கும் பாரம். சாப்பாட்டு மேசையில் பாரம் அப்படி விழாது, முன் ஓரத்தில்தான் விழும். என் மேசையின் முன் ஓரம் சுவரிலிருந்து 60 சென்டிமீட்டர். தாங்கியின் மேல் திருகாணிக்கும் கீழ் முனைக்கும் இடையே வெறும் 15. அறுபதைப் பதினைந்தால் வகுத்தால் நாலு. ஓரத்தில் எவ்வளவு அழுத்துகிறோமோ அதைப்போல நாலு மடங்கு மேல் திருகாணிகளைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். அம்மா எழும்போது கையில் 30 கிலோ கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பிடுங்கும் விசை 120 கிலோ, தாங்கிக்கு 60. அதைத்தான் அந்தச் சிவப்புச் சிட்டிகை தாங்கிக்கொண்டிருந்தது. மேசையின் ஆழம் கூடக் கூட இந்த மடங்கும் கூடும்.

பலகையும் பொய்தான். விழுந்ததில் ஒரு மூலை உடைந்திருந்தது. அம்மா அதை விரலால் நிமிண்டினார். மாவுபோல் உதிர்ந்தது. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை, மேலே மர வரி போட்ட தாள். "பால் மரம் எனக்குத் தெரியாதா? இது பால் மரமே இல்லை" என்றார் அம்மா. உண்மையான ரப்பர் கட்டைப் பலகையில் சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்ததுபோல் இணைத்திருப்பார்கள். அந்தக் கோர்வையும் மரத்தின் வரியும் ஓரத்திலும் தெரியும். கடையில் பலகையைக் கவிழ்த்து, கீல் பூட்டிய பள்ளத்தையோ துளையையோ பாருங்கள். அங்கே தாள் ஒட்ட முடியாது.

அப்புறம் நான் டிராப் லீஃப் மேசை பார்க்கப் போனேன். நடுவில் குறுகலான சட்டம், இரண்டு பக்கமும் தொங்கும் பலகை, பலகையைத் தூக்கினால் கதவுபோல் ஒரு கால் சுழன்று வந்து தாங்கும். பாரம் தரையில் இறங்குவதால் சுவரைப் பற்றிய கவலையே இல்லை. பலத்தில் இது மேல் என்றுதான் சொல்வேன், ஆனால் அந்தச் சுழலும் கால் கடைசிவரை திறந்து, தடுப்புக்கட்டையில் முட்டி நிற்க வேண்டும். பாதி திறந்த நிலையில் ஓரத்தை அழுத்தினால் பலகை இறங்கிவிடும்.

கால் வைக்கத்தான் அதில் இடமில்லை. கடையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. பலகைக்கு ஒரே ஒரு சுழலும் கால் இருந்தால் அது நேராக நடுவில் வந்து நிற்கும், அதாவது உட்காருபவரின் இரண்டு முழங்காலுக்கும் இடையில். சட்டத்தின் பக்கம் நாற்காலியைப் போட்டால், அங்கே அகலமே 26 சென்டிமீட்டர்தான், இரண்டு முழங்கால் நுழையாது. கீழே ஓடும் குறுக்குக்கட்டையில் பாதமும் இடிக்கும். ஒரு பலகைக்கு இரண்டு சுழலும் கால் வைத்த மேசையும் இருந்தது. அதில் கால்கள் மூலைகளுக்கு நகர்ந்துவிடுவதால் நடுவில் தாராளமாக உட்கார முடிந்தது. வாங்குவதானால் அந்த மாதிரியைத்தான் வாங்க வேண்டும். இடம் இருந்திருந்தால் நானே வாங்கியிருப்பேன். மடக்கி வைத்தாலும் 26 சென்டிமீட்டர் எப்போதும் வெளியே நிற்கும். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்துவிட்டு நிற்க இடமில்லை.

எந்த மேசையானாலும் கையில் அளவு நாடா இருக்கட்டும். மேசையின் உயரத்தை அளந்தால் போதாது. தரையிலிருந்து பலகைக்குக் கீழே உள்ள கட்டைவரை அளக்க வேண்டும். எங்கள் நாற்காலி 44 சென்டிமீட்டர், அதன் மேல் அம்மாவின் தொடை 16. கூட்டினால் 60. கட்டை 62-க்குக் கீழே இருந்தால் தொடை உரசும். சுவர் மேசையில் இன்னொன்று உண்டு. இடம் மிச்சம் என்று 45 சென்டிமீட்டர் ஆழத்தில் வாங்கினால் முழங்கால் நுழையும், பாதம் சுவரில் முட்டும். சுவரைப் பார்த்து உட்காருபவருக்கு 60 வேண்டும்.

கடைசியில் மாமா இரண்டையும் சேர்த்து ஒன்று செய்து கொடுத்தார். சுவரில் 80 சென்டிமீட்டருக்கு ஒரு சட்டம், அதில் நீளக் கீல், கீலில் 20 மில்லி ரப்பர் கட்டைப் பலகை, முன் மூலைகளில் மடங்கும் இரண்டு கால். காலில் நின்றுவிட்டதால் ஓரத்தில் எவ்வளவு அழுத்தினாலும் தரைதான் வாங்கிக்கொள்கிறது. சுவரைப் பிடுங்கும் வேலையே இல்லை. சுவர்ச் சட்டத்துக்கு 90 மில்லி திருகாணி போட்டார்: சட்டத்துக்கு 25, பூச்சுக்கு 20, மீதி 45 முழுவதும் செங்கல்லுக்குள். துளையிடும்போது கீழே ஒரு தாளைப் பிடிக்கச் சொன்னார். முதலில் சாம்பல் தூள் விழுந்தது, பிறகு சிவப்பு. சிவப்பு வரத் தொடங்கியதிலிருந்துதான் ஆழத்தைக் கணக்குப் பண்ண வேண்டும். சிவப்பே வராமல் துரப்பணம் திடீரென்று உள்ளே விழுந்தால் அது வெற்றிடமுள்ள கல் அல்லது பலகைச் சுவர். அதற்கு வேறு வகைப் பிளக் வேண்டும், அதில் கால் இல்லாத சுவர் மேசையை மாட்டவே கூடாது.

காலில் ஒரு சிக்கல் வந்தது. கால் 72 சென்டிமீட்டர், பலகையின் ஆழம் 60. சுவரை நோக்கி மடக்கினால் இடிக்கும். அதனால் கால்களைப் பலகையின் அகலத்தில் மடியும்படி, ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி, இடம் வலமாகப் படுக்க வைத்தார். நிற்கும்போது பூட்டிக்கொள்ளும் கீல் போட்டார். பூட்டு இல்லாத கால் பக்கவாட்டில் வழுக்கிவிடும். பலகை, கீல், கூலி எல்லாம் சேர்த்து 310 வெள்ளி.

கடையை நான் விடவில்லை. ரசீது, பெட்டியின் படம், பிளக்கின் படம், ரப்பர் கட்டை என்று அவர்கள் அனுப்பிய வாட்சாப் செய்தி எல்லாவற்றையும் வைத்து மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் புகார் பதிந்தேன். கட்டணம் 5 வெள்ளிதான். வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளிவரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். விசாரணைத் தாள் கடைக்குப் போன வாரமே முதலாளி அழைத்தார். முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பிளக்கை மட்டும் தரச் சொன்னார். நான் கொடுக்கவில்லை.

அம்மா இப்போது இடது ஓரத்தில் உட்காருகிறார், அந்தப் பக்கம் காலும் கட்டையும் எதுவும் முழங்காலில் படுவதில்லை. முதல் நான்கைந்து நாள் மேசையைத் தொடாமல் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார். நேற்று மூலையில் கையை ஊன்றி எழுந்து, தட்டைக் கழுவப் போனார்.