குழாயில் ஓடும் எண்ணெய்க்கு எது வெப்பநிலை: மையமா, பல்க் சராசரியா?

மெல்லிய குழாய் ஒன்றில் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டே ஓட்டுகிறோம். கடைசியில் வெளியே வரும் எண்ணெயின் வெப்பநிலை என்ன? அதே இடத்தில் ஒருவர் 65 என்பார், இன்னொருவர் 79, மூன்றாமவர் 85. மூன்று பேரும் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருப்பார்கள். எண்ணெயின் எந்த வெப்பநிலையைக் கேட்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

ஒரு குழாயையே எடுத்துக்கொள்வோம். உள்விட்டம் 4 மி.மீ., நீளம் 10 மீட்டர். வெளியே சீராகச் சுற்றிய மின்கம்பி 392 வாட் வெப்பத்தைத் தருகிறது; உள்சுவரில் பார்த்தால் சதுர மீட்டருக்கு சுமார் 3120 வாட். எண்ணெய் 40 டிகிரியில் நுழைகிறது, விநாடிக்கு 5 கிராம் ஓடுகிறது. அதன் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.13 வாட், தன்வெப்பம் கிலோ-கெல்வினுக்கு 2000 ஜூல். பாகுத்தன்மை அதிகம் என்பதால் ஓட்டம் சீரடுக்கு ஓட்டம், அதாவது லாமினார். வெப்ப இழப்பு இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

இந்த ஓட்டத்தை ஒரு டிகிரி உயர்த்த 10 வாட் வேண்டும். 392 வாட் போனால் 39.2 டிகிரி ஏறியாக வேண்டும், ஆக வெளியேறும் எண்ணெய் 79.2 டிகிரி. இதில் குழாய்க்குள் வெப்பம் எப்படிப் பரவியது என்ற கேள்வியே எழவில்லை. குழாயை அந்த இடத்தில் வெட்டி, வழியும் எண்ணெயை ஒரு கோப்பையில் பிடித்து நன்றாகக் கலக்கி அளந்தால் கிடைப்பது இதுதான். இதற்குப் பெயர் பல்க் சராசரி வெப்பநிலை. அடர்த்தியும் தன்வெப்பமும் மாறாதவை என்று கொண்டால் அதன் வரையறை:

```
T_b = ∫ u T dA / ∫ u dA
```

இங்கே u என்பது அந்தப் புள்ளியில் எண்ணெயின் வேகம். வேகமாக ஓடும் பகுதிக்கு அதிக எடை, சுவரை ஒட்டித் தவழும் பகுதிக்குக் குறைந்த எடை. முழு விஷயமும் இந்த u-க்குள் இருக்கிறது.

இப்போது நுண்ணிய தெர்மோகப்பிள் ஒன்றைக் குழாயின் நட்டநடுவில் நிறுத்துகிறோம். வெப்பம் சுவர் வழியாகத்தான் வருகிறது, நடுப்பகுதிக்குக் கடைசியாகத்தான் போய்ச் சேர்கிறது. போதாததற்கு நடுவில் ஓடும் எண்ணெய் சராசரியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் கடந்துவிடுகிறது. ஆகவே மையம்தான் எல்லாவற்றிலும் குளிர்ந்த இடம். ஓட்டமும் வெப்பப் பரவலும் முழுதாக உருவான பிறகு, சீரான வெப்பம் பாயும் குழாயில் குறுக்குவெட்டு வெப்பநிலை இப்படி அமைகிறது:

```
T(r) = T_c + (qR/k) [ (r/R)^2 − (1/4)(r/R)^4 ]
```

இங்கே T_c மைய வெப்பநிலை, r மையத்திலிருந்து உள்ள தூரம், R குழாயின் உள் ஆரம், q சுவரில் சதுர மீட்டருக்குப் பாயும் வெப்பம், k எண்ணெயின் வெப்பக் கடத்துத்திறன். நம் குழாயில் qR/k = 48 டிகிரி. அதைக் கொண்டு கணக்குப் போட்டால் சுவர் மையத்தைவிட 36 டிகிரி சூடாக இருக்கிறது. பல்க் சராசரி மையத்தைவிட 14 டிகிரி அதிகம். வேகத்தைக் கண்டுகொள்ளாமல் குறுக்குவெட்டுப் பரப்புக்கு மட்டும் சராசரி எடுத்தால் 20 டிகிரி அதிகம். எனவே வெளியேறும் இடத்தில் மையம் 65.2, பல்க் 79.2, பரப்புச் சராசரி 85.2, சுவர் 101.2.

பரப்புச் சராசரி ஏன் பல்க்கைவிட அதிகம் என்று சிலருக்குக் குழப்பம் வரும். வட்டத்தில் பெரும்பங்கு பரப்பு சுவர்ப்பக்கம்தான் இருக்கிறது, அங்கே எண்ணெயும் சூடு. ஆனால் அந்தச் சூடான எண்ணெய் மெதுவாகத்தான் நகர்கிறது, வெளியே வந்து சேரும் அளவு குறைவு. பரப்புச் சராசரி அதற்குத் தகுதிக்கு மீறிய எடை கொடுத்துவிடுகிறது. மைய அளவீடோ அதை அறவே கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்:

| எதை எடுத்தோம் | வெளியேறும் இடத்தில் (°C) | கணக்கில் வரும் வெப்பம் (வாட்) | நுசெல்ட் எண் |
|---|---|---|---|
| மையம் | 65.2 | 252 | 2.67 |
| பல்க் சராசரி | 79.2 | 392 | 4.36 |
| பரப்புச் சராசரி | 85.2 | 452 | 6.00 |

நுசெல்ட் எண் என்பது வெப்பப் பரிமாற்றக் கெழுவை விட்டத்தால் பெருக்கிக் கடத்துத்திறனால் வகுத்தது. 4.36 என்பது பாடநூல்களில் நாம் பார்த்துப் பழகிய 48/11. அந்தச் சூத்திரங்கள் எல்லாம் சுவர் வெப்பநிலைக்கும் பல்க் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை வைத்து எழுதப்பட்டவை. மையத்தை அளந்துவிட்டு அந்தச் சூத்திரத்தோடு ஒப்பிட்டால், நம் குழாயின் வெப்பப் பரிமாற்றக் கெழு வர வேண்டியதில் சுமார் 60 சதவீதம்தான் வரும். கருவி சரி, குழாய் சரி, எண்ணெய் சரி. கழிக்க எடுத்த எண் மட்டும் வேறு.

மைய அளவீட்டில் இதைவிட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. 392 வாட் கொடுத்தும் எண்ணெயில் 252 வாட்தான் தெரிகிறது என்றால், மீதி 140 வாட் காப்புறை வழியாக வெளியே போகிறது என்றுதான் எவருக்கும் தோன்றும். காப்புறையை இன்னொரு சுற்று தடிமனாக்குவார்கள், ஒன்றும் மாறாது. இது இழப்பா, அளவீட்டுப் பிழையா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஓட்டத்தை இரட்டிப்பாக்குவது. விநாடிக்கு 10 கிராம் ஓட்டினால் உண்மையான உயர்வு 19.6 டிகிரி. ஆனால் மையத்துக்கும் பல்க்குக்கும் உள்ள 14 டிகிரி இடைவெளி அப்படியே இருக்கும், ஏனென்றால் லாமினார் ஓட்டத்தில் அது வெப்பப் பாய்வையும் குழாயின் ஆரத்தையும் கடத்துத்திறனையும் மட்டுமே சார்ந்தது. மையம் 5.6 டிகிரி உயர்வைத்தான் காட்டும். கணக்கில் 112 வாட். அதாவது 'இழப்பு' 140-லிருந்து 280 வாட்டாகக் கூடிவிட்டது. உண்மையான இழப்பு என்றால் நேர்மாறாக நடக்க வேண்டும். ஓட்டம் கூடினால் குழாய் மொத்தமும் குளிர்கிறது, சுற்றுப்புறத்துக்குப் போகும் வெப்பமும் குறைய வேண்டும். ஓட்டத்தோடு சேர்ந்து கூடும் இழப்பைப் பார்த்தால் காப்புறையை விட்டுவிட்டு தெர்மோகப்பிளின் இடத்தைப் பாருங்கள்.

குழாயின் தொடக்கப் பகுதியில் மையத்தை நம்பவே கூடாது. நம் ஓட்டத்தில் வெப்பப் பரவல் முழுதாக உருவாகவே ஏறக்குறைய 5 மீட்டர் ஆகும். ஓட்டத்தை இரட்டித்தால் அதுவும் இரட்டித்து, குழாயின் முழு நீளத்தையும் தின்றுவிடும். முதல் மீட்டரின் முடிவில் பல்க் 43.9 டிகிரி ஆகியிருக்கும். மையமோ கிட்டத்தட்ட 40-லேயே நிற்கும். வெப்பம் இன்னும் அங்கே எட்டவில்லை.

அதற்காக மைய அளவீடு பயனற்றது என்று ஒதுக்கிவிட வேண்டாம். வெப்பப் பரவல் உருவான பிறகு, சீரான வெப்பப் பாய்வில், மையமும் பல்க்கும் சுவரும் ஒரே சரிவில் ஏறுகின்றன. 7-வது மீட்டரிலும் 9-வது மீட்டரிலும் மையத்தை அளந்து கழித்தால் பல்க்கின் உயர்வு அப்படியே கிடைக்கும். நுழைவில் குறுக்குவெட்டு முழுக்க ஒரே 40 டிகிரி. அதையும் வெளியேறும் இடத்து மையத்தையும் கழிப்பதில்தான் தவறு.

இன்னொரு இடத்தில் மையம்தான் சரி, பல்க்தான் ஏமாற்றும். கெட்டியான திரவ உணவைக் குழாயில் சூடாக்கிக் கிருமி நீக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பாலுக்குப் பழக்கமான அளவு 72 டிகிரியில் 15 விநாடி. அங்கே கேள்வி சராசரித் துளியைப் பற்றியது அல்ல. மிகக் குறைவாகச் சூடேறிய துளி எது, அது எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்பதுதான். லாமினார் ஓட்டத்தில் அந்தத் துளி மையத்தில் இருக்கிறது, சராசரி நேரத்தில் பாதியிலேயே வெளியே போய்விடுகிறது. பல்க் 72-ஐத் தொட்டுவிட்டது என்று திருப்திப்பட்டால், மையத்தில் ஓடியது பல டிகிரி குறைவாக, பாதி நேரத்தில் தப்பிவிடும். அதேபோல் எண்ணெய் கருகுமா என்று கவலைப்படுகிறவருக்கு மையமும் வேண்டாம், பல்க்கும் வேண்டாம். அவர் பார்க்க வேண்டியது 101.2 டிகிரிச் சுவரை.

கொந்தளிப்பு ஓட்டத்துக்கு வந்தால் இந்தச் சண்டை பெரும்பாலும் அடங்கிவிடும். சுழல்கள் குறுக்கே கலந்துவிடுவதால் நடுப்பகுதி முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பநிலை, மாற்றம் எல்லாம் சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில். வேகத்துக்கும் வெப்பநிலைக்கும் வழக்கமான 1/7 அடுக்கு விதியைப் போட்டுப் பார்த்தால், சுவர்-பல்க் வேறுபாடு சுவர்-மைய வேறுபாட்டில் ஆறில் ஐந்து பங்கு. நம் லாமினார் குழாயில் அது 18-இல் 11 பங்குதான். தண்ணீர்க் குழாயில் சுவருக்கும் பல்க்குக்கும் 5 டிகிரி இடைவெளி என்றால் மையம் பல்க்கிலிருந்து ஒரே ஒரு டிகிரி தள்ளி நிற்கும். உயர்வு 20 டிகிரி என்றால் பிழை 5 சதவீதம். பல வேலைகளுக்கு இது பரவாயில்லை. உருகிய சோடியம் போன்ற திரவ உலோகங்கள் விதிவிலக்கு. கடத்துத்திறன் மிக அதிகம் என்பதால், ஓட்டம் கொந்தளிப்பாக இருந்தாலும் வெப்பநிலை வளைவு தட்டையாகாமல் இருக்கக்கூடும்.

சூடாக்காமல் குளிர்விக்கிறோம் என்றால் எல்லாம் தலைகீழ்: மையம் பல்க்கைவிடச் சூடாக இருக்கும்.

மேலே போட்ட கணக்கில் ஒரு சலுகை எடுத்துக்கொண்டேன்: எண்ணெயின் பாகுத்தன்மை மாறவில்லை என்று. உண்மையில் 65 டிகிரி மையத்துக்கும் 101 டிகிரிச் சுவருக்கும் இடையே அது கணிசமாகக் குறையும். சுவரோர எண்ணெய் இளகி வேகம் கூடும், வேக வளைவு தட்டையாகும், பல்க் பரப்புச் சராசரியின் பக்கம் கொஞ்சம் நகரும். இதற்காகத்தான் சீடரும் டேட்டும் 1936-இல் பல்க், சுவர் இரண்டு இடத்துப் பாகுத்தன்மைகளின் விகிதத்தை 0.14 அடுக்குக்கு உயர்த்திச் சூத்திரத்தில் பெருக்கினார்கள். விட்டம் பெரிதான கிடைமட்டக் குழாய் என்றால் குளிர்ந்த பகுதி மையத்தில் நிற்காமல் கீழே இறங்கிவிடும். அப்போது நடுவில் வைத்த தெர்மோகப்பிள் குளிர்ந்த புள்ளியைக்கூடச் சரியாகச் சொல்லாது.

சரி, பல்க்கை எப்படி அளப்பது? குழாய்க்குள் அந்த வெப்பநிலை இருக்கும் ஆரத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் வேக வளைவு மாறினால் அந்த ஆரமும் மாறும். நல்ல வழி, சூடாக்கும் பகுதி முடிந்ததும் காப்புறை போட்ட ஒரு சிறு கலப்பறையை இணைத்து, உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்து எண்ணெயைத் திருப்பித் திருப்பி ஓடவிட்டு, அதற்குப் பின்னால் அளப்பது. வெறும் நேர்குழாயை நீட்டிவிட்டுக் காத்திருப்பது லாமினார் எண்ணெய்க்கு அவ்வளவாக உதவாது. அடுக்குகள் கலக்கவே செய்யாது, வெப்பம் கடத்தலால் மட்டும் சமமாக வேண்டும். நம் எண்ணெய்க்கு அதற்கே சில மீட்டர் ஆகும். கலப்பறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அதற்குப் பின்னால் தெர்மோகப்பிளைச் சுவரிலிருந்து மையம் வரை மெல்ல நகர்த்துங்கள். வாசிப்பு மாறினால் தகடுகள் போதவில்லை.