இரண்டு காலண்டர் சீசன், மூன்று கண்ணாடி

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறேன். ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிட்டால், அப்புறம் மார்கழி வரை நாற்காலியை விட்டு எழ நேரம் இருக்காது. தினசரி காலண்டர் தாளில் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் எறும்பு ஊர்வது போல இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அதையே பார்க்க வேண்டும்.

41 வயதில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. பிற்பகல் நான்கு மணி ஆனால் புருவத்துக்கு மேலே தலைவலி. கண்ணுக்குள் மணல் விழுந்த மாதிரி உறுத்தல். ஒரு நாள் 'கார்த்திகை'யில் புள்ளி விட்டுப்போய் 'காரத்திகை' என்று நின்றது என் கண்ணில் படவே இல்லை. பிளேட் போடுகிற அண்ணன் பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன்.

முதல் வேலையாக ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். மெஷினில் நாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "பவர் ஒண்ணும் இல்லை சார், ப்ளூ கட் போட்டுக்கோங்க" என்றார்கள். ஸ்கிரீனின் நீல வெளிச்சத்தைத் தடுக்கிற கண்ணாடி அது. ஆறு மாதம் போட்டேன். ஸ்கிரீன் லேசாக மஞ்சளாகத் தெரிந்ததால் நிறம் பார்க்கிற வேலை கெட்டதுதான் மிச்சம். தலைவலி அதே நான்கு மணிக்கு வந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பும், சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் ப்ளூ கட் கண்ணாடி கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொல்கிறது. ஸ்கிரீன் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கிறது என்று நம்பி நான் ஆறு மாதத்தைத் தொலைத்தேன்.

அடுத்தது சொட்டு மருந்து. மெடிக்கலில் கேட்டதும் சிவப்பைப் போக்குகிற சொட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். விட்ட பத்து நிமிடத்தில் கண் வெள்ளையாகிவிடும். மறுநாள் முன்பைவிடச் சிவப்பாக இருக்கும். அது ரத்தக்குழாயைச் சுருக்குகிற மருந்து. வறட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைவிட மோசம், டாக்டர் எழுதாமல் ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுவது. பல நாள் தொடர்ந்தால் கண்ணழுத்தம் ஏறி, பார்வை நரம்பே பாதிக்கப்படலாம்.

பிறகு ஈரப்பதம் தருகிற சொட்டு, கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம். இது வேலை செய்தது, ஆனால் பாதிதான். உறுத்தல் குறைந்தது, தலைவலி அசையவில்லை. எனக்கு இருந்தது ஒரு தொந்தரவு அல்ல, இரண்டு என்று அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. இன்னொரு சீசனையும் தைலம் தேய்த்தே ஓட்டினேன்.

கடைசியில் மதுரையில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனபோது, பரிசோதித்த பெண்மணி முதலில் கேட்டது இதுதான்: "எழுத்து மங்கும்போது நல்லா ரெண்டு தடவை இமைச்சா தெளியுதா, அப்பவும் மங்கலாவே இருக்கா?" யோசித்துப் பார்த்தால் எனக்கு இரண்டுமே உண்டு. காலையில் மங்கினால் இமைத்ததும் தெளியும். மாலையில் எத்தனை முறை இமைத்தாலும் தெளியாது. தலையைப் பின்னால் இழுத்தால்தான் தெரியும். இமைத்ததும் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணீர்ப் படலத்தில் கோளாறு. தெளியாவிட்டால் பவராக இருக்கலாம், பார்த்துவிட வேண்டும் என்றார்.

கண்ணில் மருந்து விட்டு, கண்பாப்பாவை விரியவைத்து மறுபடி பவர் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் +1.00 இருந்தது. கடை மெஷின் பொய் சொல்லவில்லை; என் கண் அதை ஏமாற்றியிருக்கிறது. ப்ளஸ் பவர் உள்ள கண், உள்ளே இருக்கிற தசையை இறுக்கித் தானாகவே சரிசெய்துகொள்ளும். இளவயதில் அது சுலபம். நாற்பதைத் தாண்டினால் லென்ஸ் விறைக்க ஆரம்பிக்கும். 65 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிற ஸ்கிரீனைப் பார்க்க எல்லாக் கண்ணுக்கும் ஒன்றரை பவர் உழைப்பு வேண்டும். என் கண் தன் குறையையும் சேர்த்து இரண்டரை பவர் உழைத்திருக்கிறது, நாள் முழுக்க. நான்கு மணித் தலைவலி அந்தத் தசையின் கூலி. ஞாயிற்றுக்கிழமைகளில் வலி வராததற்கும் காரணம் அதுதான். (மருந்து விட்ட பிறகு பல மணி நேரம் கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெயில் கூசும். பைக்கில் போகாதீர்கள். நான் போனேன், தம்பி வந்துதான் கூட்டிப்போனான்.)

கண்ணீரையும் பார்த்தார்கள். மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல விளக்கில், இமைக்காமல் இருக்கச் சொல்லி எண்ணினார்கள். படலம் பத்து விநாடியாவது உடையாமல் இருக்க வேண்டும்; எனக்கு நான்கில் உடைந்தது. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகளை அழுத்தினால் எண்ணெய்க்குப் பதில் பேஸ்ட் மாதிரி வந்தது. நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கிற கண் ஸ்கிரீன் முன்னால் ஐந்தாறு முறைதான் இமைக்கும், அதுவும் பாதி மூடித் திறக்கும். முழுதாக மூடினால்தான் அந்த எண்ணெய் பிதுங்கி வரும். எண்ணெய் இல்லாவிட்டால் கண்ணீர் ஆவியாகிவிடும். எனக்கு நேராக ஒரு டேபிள் ஃபேன் வேறு!

இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. ஸ்கிரீன் தூரத்துக்கென்றே +1.75 கண்ணாடி. மேலே தூரம், கீழே கிட்டம் என்று இருக்கிற புரோகிரசிவ் கண்ணாடியை முதலில் போட்டுப் பார்த்தேன். தாடையைத் தூக்கியே பார்த்ததில் பத்து நாளில் கழுத்து பிடித்துக்கொண்டது. அதனால் மூன்றாவதாக இது. முதல் வாரம் தரை சற்று எழும்பினாற்போல இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. இரண்டாவது வாரத்தில் நான்கு மணித் தலைவலி நின்றது.

வறட்சி அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மூடிய கண்மேல் வைத்து, மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவ வேண்டும். துணி ஆறிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு வாரம் கழித்துத்தான் வித்தியாசம் தெரிந்தது. ஃபேனை முதுகுப்பக்கம் திருப்பினேன். மானிட்டரை நான்கு விரல்கடை இறக்கினேன். கண் கீழ்நோக்கினால் திறப்பு குறையும், கண்ணீர் குறைவாக ஆவியாகும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடி தள்ளிப் பார்க்கிற பழக்கம் எனக்கு ஒட்டவில்லை. அதற்குப் பதில் Ctrl+S அழுத்தும்போதெல்லாம் இரண்டு முறை இறுக்காமல் முழுதாகக் கண்ணை மூடித் திறக்கிறேன். சொட்டு இப்போது சீசனில் மட்டும். நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாக வாங்கச் சொன்னார்கள்.

உறுத்தல் மட்டும் இருந்து, ஈரச் சொட்டிலும் ஓய்விலும் இரண்டு வாரத்தில் அடங்கினால் காத்திருக்கலாம். அடங்காவிட்டாலும், இமைத்தும் தெளியாத மங்கல் இருந்தாலும், நாற்பதைத் தாண்டி இதுவரை கண்ணே காட்டாதவராக இருந்தாலும் முழுப் பரிசோதனை வேண்டும், கண்ணழுத்தமும் சேர்த்து. சர்க்கரை உள்ளவர்கள் தொந்தரவே இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். திடீரெனப் பார்வை மறைவது, மின்னல் வெட்டுவதோடு கரும்புள்ளிகள் மிதப்பது, ஒன்று இரண்டாகத் தெரிவது, கடும் கண்வலியும் வாந்தியும் விளக்கைச் சுற்றி வண்ண வளையமும் வருவது, இவை ஸ்கிரீன் சமாசாரம் அல்ல. அன்றைக்கே போக வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவந்து வலித்தாலும் அப்படித்தான். லென்ஸை உடனே கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

என் கண்ணாடியிலும் ஒரு குறை இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தால் வருவது முதலாளியா கூரியர்காரரா என்று தெரியாது. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன்.