2,899 வெள்ளி போனது: ரசீதில் ஓர் எண், தொலைக்காட்சியின் முதுகில் வேறோர் எண்

நேற்று மாலை பழுதுபார்ப்பு நிலையத்தின் கடைசிப் பதில் வந்தது. என் அம்மாவின் தொலைக்காட்சிக்கு உத்தரவாதம் கிடையாது. 2,899 வெள்ளி கொடுத்து வாங்கிய பொருள் பதினான்கு மாதங்களில் சுவரில் தொங்கும் கறுப்புப் பலகையாகிவிட்டது. இந்த வயிற்றெரிச்சல் ஆறும் முன்பே, புதுத் தொலைக்காட்சி வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை. தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. பட்டர்வொர்த்தில் உள்ள ஒரு மின்சாதனக் கடைக்கு அம்மாவை அழைத்துப் போனேன். பெரிய பேரங்காடிக் கடையல்ல. குடும்பமாக நடத்தும் நடுத்தரக் கடை. 55 அங்குலத் தொலைக்காட்சியைக் காட்டிய இளைஞர் தமிழர். "அம்மா, உட்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா" என்று அம்மாவிடம் அவர் பேசிய பேச்சிலேயே நான் இளகிவிட்டேன். உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்டபோது, ஓராண்டு இயல்பாகவே உண்டு, வாங்கிய முப்பது நாளுக்குள் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பதிவு செய்தால் இன்னோர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும் என்று சரியாகத்தான் விளக்கினார். பிறகு, "அண்ணே, பதிவையெல்லாம் நாங்களே செஞ்சிடுறோம், உங்க போன் நம்பர் மட்டும் குடுங்க" என்றார். கொடுத்தேன். ஏமாந்த இடம் அதுதான். அன்று வங்கிச் செயலியில் 2,899 வெள்ளியை அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் இருவர் வந்து சுவரில் மாட்டினார்கள். தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டியால் வீட்டில் இடம் அடைபடும் என்று சொல்லி அதையும் அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். அதை நாங்கள் உதவியாக எண்ணி நன்றி சொன்னோம். கையெழுத்தில் எழுதிய ரசீதில் மாடலும், விலையும், ஒரு வரிசை எண்ணும் இருந்தன. அந்த எண்ணை அட்டைப்பெட்டியின் ஒட்டுச்சீட்டைப் பார்த்து எழுதினார்கள் என்பது இப்போதுதான் புரிகிறது. தொலைக்காட்சியின் முதுகில் இருந்த எண்ணை அன்று யாருமே பார்க்கவில்லை. சுவரில் ஏறிய பின் பார்க்கவும் முடியவில்லை. பதிவு நடந்ததாகக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ வரவில்லை என்பதையும் நான் கவனிக்கவில்லை.

கடந்த டிசம்பரில் திரையின் இடப்பக்கம் செங்குத்தாக ஒரு கோடு விழுந்தது. ஒரு வாரத்தில் பாதித் திரை இருண்டது. நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்தேன். மாடல், வாங்கிய நாள், ரசீதின் படம், வரிசை எண் ஆகிய நான்கையும் கேட்டார்கள். வங்கிக் கணக்கின் பதிவை அனுப்பினேன். அது எவ்வளவு பணம், எந்த நாள் என்பதைத்தான் காட்டும், எந்தத் தொலைக்காட்சி என்பதைக் காட்டாது என்று மறுத்துவிட்டார்கள். அதில் அவர்கள்மேல் குறை சொல்ல முடியாது. பிறகு ரசீதின் படத்தையும் அதிலிருந்த எண்ணையும் அனுப்பினேன். அந்த எண் பதிவாகவே இல்லை. சரி, ஆளை அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள்.

வந்த பழுதுபார்ப்பாளர் தொலைக்காட்சியைக் கழற்றித் திருப்பி, ஒட்டுச்சீட்டைப் படம் எடுத்தார். ரசீதிலிருந்த எண் வேறு, இந்த எண் வேறு. இந்த எண்ணும் பதிவாகவில்லை. அதோடு அவர் தம் தொழிலுக்குரிய உள்பட்டியலைத் திறந்து, திரை மொத்தம் எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பதைக் காட்டினார்: 5,800 மணி நேரத்துக்குச் சற்று மேல். அம்மா காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் நான்கு மணி நேரமும் பார்ப்பார். 426 நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று கணக்கிட்டால் 2,130 மணி நேரம்தான் வரும். மீதி 3,670 மணி நேரம் யார் பார்த்தது? கடையில் நாள் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம் ஓடவிட்டால் ஏறக்குறைய பத்து மாதக் கணக்கு அது. புதிது என்று விலை வாங்கிக்கொண்டு, காட்சிக்கு வைத்த தொலைக்காட்சியை வேறொன்றின் அட்டைப்பெட்டிக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

கடைக்குப் போனேன். முதல் நாள், முதலாளி வெளியூரில் இருக்கிறார் என்றார்கள். இரண்டாம் நாள், "நிறுவனத்தைக் கேளுங்கள், விற்ற பிறகு எங்கள் பொறுப்பில்லை" என்றார்கள். நிறுவனத்தை அழைத்தால், "ரசீதும் எண்ணும் பொருந்தவில்லை, கடையைக் கேளுங்கள்" என்றார்கள். மூன்றாம் முறை போனபோது முதலாளி ரசீதையும் நான் எடுத்துப்போன படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, இது எங்களிடம் வாங்கிய தொலைக்காட்சியே அல்ல என்று சொல்லிவிட்டார். அவர்கள் எழுதிய தவறான எண்ணே அவர்களுக்குக் கேடயமாகிவிட்டது. அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்த அந்த இளைஞர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. புதுத் திரை போட 2,150 வெள்ளி கேட்கிறார்கள். 2,899 வெள்ளி ஏற்கெனவே போனது. அதற்கு மேல் இதையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

மாட்டிய நாளில் அக்கா மகன் எடுத்த காணொளியில் தொலைக்காட்சியின் முதுகு இரண்டு வினாடி தெரிகிறது; ஒட்டுச்சீட்டு இருப்பது தெரிகிறது, எழுத்துதான் தெளிவாக இல்லை. அதையும் ரசீதையும் வங்கிப் பதிவையும், பழுதுபார்ப்பாளர் எழுதிக் கொடுத்த அறிக்கையையும் சேர்த்து மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுக்கப் போகிறேன். ஐந்து வெள்ளிதான் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள், மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு விற்றவருக்கும் உண்டு, தயாரித்தவருக்கும் உண்டு. நிறுவனம் தரும் உத்தரவாதம் முடிந்துவிட்டது என்பதாலேயே அந்த உரிமை போய்விடுவதில்லை. விற்ற பிறகு பொறுப்பில்லை என்று உங்களிடமும் யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

கோபத்தில் எல்லாவற்றையும் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுவரில் மாட்டும் முன் முதுகில் உள்ள ஒட்டுச்சீட்டைப் படம் எடுங்கள். ஏற்கெனவே மாட்டிவிட்டால், பெரும்பாலான தொலைக்காட்சிகளில் அமைப்புப் பட்டியலுக்குள் 'இந்தத் தொலைக்காட்சியைப் பற்றி' என்ற பகுதியில் வரிசை எண் இருக்கும். அதுவும், அட்டைப்பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் மாட்ட வந்தவர்களை அனுப்புங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அங்கேயே திருத்தி, கடை முத்திரையுடன் எழுதி வாங்குங்கள். பதிவைக் கடைக்காரரிடம் விடாமல் அன்றிரவே நீங்களே செய்து, வரும் மின்னஞ்சலை வைத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்தாலும் ரசீது வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட ரசீது மங்கிப்போகும் என்பதால் அதையும் படம் எடுத்து வையுங்கள். அட்டைப்பெட்டியை யாரும் எடுத்துப்போக விடாதீர்கள். இடமில்லாவிட்டால் ஒட்டுச்சீட்டு உள்ள பக்கத்தையாவது வெட்டி எடுத்து வையுங்கள்.

திங்கட்கிழமை காலை கோரிக்கைப் படிவத்தோடு நடுவர் மன்றத்துக்குப் போகிறேன்.