ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, 48,600 ரூபாய் போய்விட்டது

எங்கள் தெரு அக்கா ஒருவரிடம் வெள்ளிக்கிழமை மாலை 48,600 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள். வயிறு எரிகிறது. என்ன செய்யணும் என்பதைக் கடைசியில் விவரமாச் சொல்கிறேன், முதலில் நடந்ததைப் படியுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய சேலையைத் திருப்பி அனுப்பியிருந்தார். 740 ரூபாய் வரணும். போன் செய்தவன் ஆர்டர் நம்பர், சேலையின் நிறம் எல்லாம் சரியாகச் சொன்னான். அதோடு, "ஓடிபியை என்கிட்டகூடச் சொல்லாதீங்கம்மா" என்று அவனே எச்சரித்தான். அந்த ஒரு வார்த்தையில்தான் அக்கா விழுந்தார். வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை நிறுவி, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்து, பணம் வந்து விழ என்று நம்பி கார்டு விவரத்தை அதில் நிரப்பினார். 25,000 ஒருமுறை, 23,600 ஒருமுறை. மொத்தம் 48,600.

அவர் ஓடிபி சொல்லவே இல்லை, அது உண்மை. எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி ஒரு செயலிக்குப் போய்விட்டால், ஓடிபியை நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை.

அன்று இரவே வங்கிக்குப் போன் செய்தார். "ஓடிபி போட்டுத்தானே பணம் போயிருக்கு, நாங்க என்ன பண்ண முடியும்?" கடைக்காரர்கள், "அது எங்க நம்பர் இல்லை" என்று புகாரையே மூடிவிட்டார்கள். ஆர்டர் விவரம் அவனுக்கு எப்படிப் போச்சு என்று கேட்டால் பதில் இல்லை. கிளையில், "திங்கட்கிழமை வாங்க." இன்று திங்கள், மேனேஜர் லீவாம்!

வங்கி சொல்வதைக் கேட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர்மேல்தான் தப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. வங்கியும் நீங்களும் காரணமில்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. கார்டு விவரத்தை நீங்களே கொடுத்திருந்தால் வங்கி அதைக் கவனக்குறைவு என்று வாதாடும்; அப்போதும் நீங்கள் புகார் சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. அதனால் புகார் சொன்ன நேரமும் புகார் எண்ணும் எழுத்தில் இருக்கணும். அக்காவிடம் இரண்டும் இல்லை, போனில் பேசியதோடு சரி. 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியிடமே புகார் கொடுக்க cms.rbi.org.in இருக்கிறது.

விவரமாச் சொல்கிறேன் என்றேன், இப்போது அக்காவோடு மறுபடி வங்கிக்குக் கிளம்பணும். அவசரத்துக்கு இவ்வளவுதான். பணம் உங்களுக்கு வருவதற்கு சிவிவியோ பின் நம்பரோ தேவையே இல்லை, கேட்டால் போனை வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் .apk ஃபைலைத் தொடாதீர்கள். தொட்டுவிட்டால் உடனே போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, வேறு போனிலிருந்து கார்டை முடக்கிவிட்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்; பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க முடியும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் முன் போனை ரீசெட் செய்துவிடாதீர்கள். அக்கா பதற்றத்தில் அதையும் செய்துவிட்டார்.