87% என்று காட்டிய ஃபார்மில் ஒரு நாளைக்குப் பத்து சென்ட்: என் நாலு வருஷ ஈல்ட் ஃபார்மிங் அனுபவம்

2021 கோடையில் நான் பணம் போட்டிருந்த ஒரு கிரிப்டோ ஃபார்மின் பக்கத்தைத் திறந்தால் ஏபிஆர், அதாவது வருஷ வருமான விகிதம், 87% என்று பச்சை நிறத்தில் மின்னும். அந்த வாரம் எனக்கு அதிலிருந்து கிடைத்தது ஒரு நாளைக்குப் பத்து சென்ட். திரை பொய் சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் நுழைந்த இடம், கிரிப்டோ காயின்களை மாற்றிக்கொள்ளும் தளமான யூனிஸ்வாப். 2020 செப்டம்பரில் அவர்கள் யூஎன்ஐ என்ற தங்கள் டோக்கனை வெளியிட்டு, நாலு பூல்களுக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு அதை அள்ளிக் கொடுத்தார்கள். இந்தப் பூல்கள் எப்படி என்றால், நாம் இரண்டு காயின்களைச் சம மதிப்பில் போட்டு வைப்போம், வந்து மாற்றிக்கொள்கிறவர்கள் அப்போது 0.3% கட்டணம் கொடுப்பார்கள், அது பணம் போட்டவர்களுக்குப் பங்காகப் போகும். இந்த வருமானம் எப்போதும் உண்டு. ஃபார்மிங் என்பது அதற்கு மேல் கிடைக்கும் கொசுறு. பணம் போட்டதற்கு ரசீதாக வரும் எல்பி டோக்கனைக் கான்ட்ராக்ட் என்கிற தானியங்கி நிரல் ஒன்றில் ஸ்டேக் செய்தால், அதாவது போட்டுவைத்தால், அது தினமும் புது டோக்கனைப் பங்கிட்டுத் தரும்.

இந்தக் கொசுறு எப்படிப் பங்காகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்தது. ஒவ்வொரு பூலுக்கும் 60 நாளில் 50 லட்சம் யூஎன்ஐ என்று ஒதுக்கினார்கள். அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 83,333. பூலில் பத்துப் பேர் இருந்தாலும் சரி, பத்தாயிரம் பேர் இருந்தாலும் சரி, அண்டாவில் இருக்கும் சோறு அதே அளவுதான். நான் போட்டது 1,000 டாலர். பூலில் மொத்தம் 50 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால் என் பங்கு ஐந்து லட்சத்தில் ஒன்று, ஒரு நாளைக்கு 0.17 யூஎன்ஐ. யூஎன்ஐ 3 டாலர் என்றால் தினம் அரை டாலர், வருஷத்துக்கு 18%. அதே பூலில் 25 கோடிதான் இருந்தால் 36%. ஆக, ஏபிஆர் என்பது யாரும் தருவதாக ஒப்புக்கொண்ட வட்டி கிடையாது. இந்த நிமிஷத்தில் யார் யார் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள், டோக்கன் என்ன விலை என்பதை வைத்து வகுத்துக் காட்டும் ஒரு விடை, அவ்வளவுதான். நல்ல விடையாகத் தெரிந்தால் இன்னும் பத்துப் பேர் வந்து உட்காருவார்கள், விடை சுருங்கும்.

எனக்கு இரண்டு மாதத்தில் சுமார் 10 யூஎன்ஐ வந்தது. உள்ளே போக, ஸ்டேக் செய்ய, எடுக்க, வெளியே வர என்று எத்தீரியம் பிளாக்செயினில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கட்டும் காஸ் கட்டணமே 60 டாலருக்கு மேல் போயிருந்தது. அதாவது சின்னப் பணத்துக்கு அது ஏற்ற இடமே இல்லை. (அதே யூஎன்ஐ அடுத்த வருஷம் மே மாதம் 40 டாலரைத் தாண்டியது. நான் அதற்கு ரொம்ப முன்பே விற்றாயிற்று.)

நவம்பர் 17 அன்று அந்த ஒதுக்கீடு முடிந்தது. அறிவித்தபடிதான் முடிந்தது, யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அடுத்த சில நாட்களில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 300 கோடி டாலர் அளவில் இருந்த யூனிஸ்வாப்பின் மொத்த லிக்விடிட்டி, அதாவது பூல்களில் போட்டிருந்த பணம், பாதிக்கும் கீழே போனது. போட்டியாளரான சுஷிஸ்வாப் அதே நாலு ஜோடிகளுக்குத் தன் டோக்கனைத் தருவதாக அறிவிக்க, ஒரு கூட்டம் மூட்டையைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டது. காயின் மாற்றுகிறவர்கள் கொடுக்கும் கட்டணம் யூனிஸ்வாப்பில் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது. கொசுறுக்காக வந்தவர்களுக்கு அது போதவில்லை.

காஸுக்குப் பயந்து 2021-இல் இன்னொரு பிளாக்செயினான பைனான்ஸ் ஸ்மார்ட் செயினுக்கு மாறினேன். அங்கே ஒரு புது ஃபார்ம், பெயர் வேண்டாம். முதல் நாள் 900% காட்டியது. அதிக ஏபிஆர் எந்தப் பூலில் என்று பார்த்தால், அந்த ஃபார்மின் சொந்த டோக்கனும் அந்தச் செயினின் காயினான பிஎன்பியும் சேர்ந்த பூலில். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். 300 டாலர் போட்டேன்: 150-க்கு பிஎன்பி, 150-க்கு அவர்கள் டோக்கன், டோக்கன் விலை 2 டாலர்.

அந்த ஃபார்ம் ஒரு பிளாக்குக்கு ஒரு டோக்கன் அச்சடித்தது. ஒன்றுதானே என்று தோன்றும். அந்தச் செயினில் அப்போது மூன்று விநாடிக்கு ஒரு பிளாக், ஆக நாளைக்கு 28,800 டோக்கன். 2 டாலர் விலை நிற்க வேண்டுமானால் தினமும் 57,600 டாலருக்கு யாராவது புதிதாக வாங்க வேண்டும், ஏனென்றால் கிடைத்த கையோடு விற்கிறவர்களில் நானும் ஒருவன். அந்த டோக்கனை வைத்து ஃபார்மில் போடுவதைத் தவிர வேறு உபயோகம் இல்லை. அப்புறம் யார் வாங்குவார்கள்? அடுத்து ஃபார்மிங் செய்ய வருகிறவன்தான். அவன் வருவது நின்ற வாரத்தில் விலை சரியத் தொடங்கியது.

முதல் இரண்டு வாரம் வந்ததை விற்று 70 டாலர் எடுத்தேன். விலை இறங்கியதும் விற்க மனசு வரவில்லை, ஏறட்டும் என்று 220 டோக்கன் சேர்த்துவைத்தேன். மூன்று மாதத்தில் டோக்கன் 2 டாலரிலிருந்து 4 சென்ட்டுக்கு வந்தது, பிஎன்பி கிட்டத்தட்ட அதே விலையில் இருந்தது. பூலில் போடாமல் இரண்டையும் வாலட்டிலேயே வைத்திருந்தால்கூட 153 டாலர் மிஞ்சியிருக்கும். பூலிலிருந்து எடுத்தபோது வந்தது 42. பூல் தானாகவே என் பிஎன்பியைக் கொடுத்து, விழுந்துகொண்டிருந்த டோக்கனை வாங்கிச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறது. இம்பர்மனன்ட் லாஸ் என்று இதைத்தான் சொல்கிறார்கள். பெயரில்தான் தற்காலிகம்.

இப்போது அந்த 87% கணக்கு. எனக்குத் தினமும் வந்தது இரண்டரை டோக்கன், அதன் விலை பத்து சென்ட். போட்டிருந்த பணமே 42 டாலராகச் சுருங்கிவிட்டதால், வருஷத்துக்கு 36 டாலர் என்பது அதில் 87%. வகுக்கும் எண்ணும் சேர்ந்தே தேய்ந்தால் சதவீதம் கொழுகொழுவென்றுதான் இருக்கும்.

அதன் பிறகு ஏபிஆர் எண்ணை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஸ்டேக்கிங் கான்ட்ராக்டைத் திறந்து Read Contract பகுதிக்குப் போவேன். யூனிஸ்வாப் பயன்படுத்திய வகையாக இருந்தால் `periodFinish` என்று ஒரு எண் இருக்கும், ரிவார்டு நிற்கும் நேரம் அது. சுஷி வகையில் முடிவுத் தேதி இருக்காது, ஆனால் `poolInfo`-வில் `allocPoint`-ஐ எடுத்து `totalAllocPoint`-ஆல் வகுத்தால் அன்றைய அச்சடிப்பில் என் பூலுக்கு எத்தனை பங்கு என்று தெரியும். இதை நிர்வாகிகள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நான் இருந்த ஒரு பூலில் ஒரே இரவில் 40 என்பது 5 ஆனது, அறிவிப்பு மறுநாள்தான் வந்தது. அடுத்து, கொசுறைத் தள்ளிவிட்டுக் கட்டண வருமானம் மட்டும் எவ்வளவு என்று பார்ப்பேன். அது 4% தேறினால் அதை நம்பிப் போடுவேன், மேலே வருவதை அன்றன்றைக்கே விற்றுவிடுவேன்.

அந்த 220 டோக்கன் இன்னும் வாலட்டில்தான் இருக்கிறது. போன மாதம் விற்றுவிடலாம் என்று போய்ப் பார்த்தேன். பூலில் எதிர்ப்பக்கம் மொத்தமே 60 டாலருக்குத்தான் பிஎன்பி கிடந்தது.