ஒன்பது ரூபாய்ப் பயிலரங்க அழைப்பும் அதன் பின்னால் இருந்த மாதாந்திரப் பிடித்தமும்

சிறு நிறுவனங்களில் கணக்கு எழுதுவோரைக் குறிவைத்து, இணையவழிப் பயிலரங்கத்துக்கு அழைக்கும் மின்னஞ்சல் ஒன்று தற்போது வலம் வருகிறது. அதன் வழியாகப் பதிவு செய்தபின் என் வங்கிக் கணக்கிலிருந்து நான் எதிர்பாராத தொகை பிடிக்கப்பட்டது. அது நடந்த விதத்தைப் படிப்படியாக எழுதினால் இதே அழைப்பைப் பெறும் மற்றவர்கள் அடையாளம் கண்டுகொள்ள முடியும் என்பதால் இதை எழுதுகிறேன். நடத்தியவர்களின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. புகார் உரிய இடத்தில் பதிவாகியிருக்கிறது.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் இடைப்பட்ட நாள்கள்தாம் நெருக்கடியானவை. விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி அறிக்கை 14-ஆம் தேதி தயாராகிவிடும். 20-ஆம் தேதிக்குள் 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நூல் வாங்கியதற்கும் சாயமிட்டதற்கும் நாம் கட்டிய வரி, விற்றவர் தம் கணக்கைச் சரியாகத் தாக்கல் செய்து 2பி-யில் தெரிந்தால்தான் உள்ளீட்டு வரி வரவாகக் கிடைக்கும். ஆகவே கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் பில் எண்வாரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது தவிர்க்க முடியாத வேலை. ஒரே பில்லை ஒருவர் சாய்கோட்டுடனும் இன்னொருவர் சிறுகோட்டுடனும் எழுதியிருந்தாலே எக்செல் அவற்றை இரண்டு வெவ்வேறு பில்களாக எடுத்துக்கொள்ளும் என்பது இந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

வந்த மின்னஞ்சல் இந்த வலியைத்தான் சரியாகத் தொட்டது. சனிக்கிழமை மாலை 7 மணி முதல் 9 மணி வரை நேரலைப் பயிலரங்கம் என்றும், 2பி ஒப்பீட்டை அரை மணி நேரத்தில் முடிக்கும் எக்செல் கோப்பு கலந்துகொள்வோர் அனைவருக்கும் வழங்கப்படும் என்றும், பட்டயக் கணக்காளர் ஒருவர் கேள்விகளுக்கு நேரடியாகப் பதிலளிப்பார் என்றும், பதிவுக் கட்டணம் 9 ரூபாய் மட்டுமே என்றும் எழுதியிருந்தார்கள். கீழே ஒரே ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் போதும், வேறு படிவம் எதையும் நிரப்ப வேண்டியதில்லை என்பது அதன் விளக்கம். ஓர் அழைப்பு மடல் எப்படி இருக்க வேண்டுமோ அப்படித்தான் இருந்தது: நாள், நேரம், பயன், எளிய ஒரு படி. அதில் இல்லாதவை மூன்று என்று இப்போது சொல்ல முடியும். பேசப்போகிறவரின் பெயர் இல்லை. தேதி எண்ணாகக் குறிக்கப்படாமல் ‘இந்தச் சனிக்கிழமை’ என்று மட்டும் இருந்தது. நடத்தும் நிறுவனத்தின் முகவரி கண்ணில் படாத மெல்லிய சாம்பல் நிற எழுத்தில், ஊர்ப் பெயரோடு நின்றுவிட்டது.

பொத்தானை அழுத்தியதும் ஒரு பக்கம் திறந்து, உடனடியாகக் கைப்பேசியில் உள்ள யு.பி.ஐ. செயலிக்குக் கொண்டுசென்றது. ஏமாற்றின் நுட்பமெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். செயலிக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது: “அடுத்த திரையில் 499 ரூபாய் என்று காட்டக்கூடும், இது இருக்கையை உறுதிசெய்வதற்கான உச்சவரம்பு மட்டுமே, உங்களிடமிருந்து இன்று 9 ரூபாய் மட்டுமே பிடிக்கப்படும்.” இந்த வாக்கியத்தின் கடைசிப் பகுதி பொய்யல்ல. அன்று பிடிக்கப்பட்டது 9 ரூபாய்தான். செயலியின் திரையில் ‘ஆட்டோபே’, ‘மாதந்தோறும்’, ‘ரூ.499 வரை’, பத்தாண்டுகள் தள்ளி ஒரு முடிவுத் தேதி ஆகிய எல்லாமே இருந்தன. ஆனால் அவற்றுக்கெல்லாம் என்ன பொருள் கொள்ள வேண்டும் என்பதை முந்தைய பக்கம் முன்கூட்டியே சொல்லிவிட்டிருந்தது. எச்சரிக்கையாக வாசிக்கப்பட வேண்டிய திரையை வெறும் சம்பிரதாயமாக மாற்றிவிடுவதுதான் அந்தக் குறிப்பின் வேலை.

யு.பி.ஐ.-யில் ஒருமுறை பணம் செலுத்துவதும் தொடர் பிடித்தத்துக்கு அனுமதி கொடுப்பதும் இருவேறு செயல்கள். முன்னதற்கான இணைப்பு `upi://pay` என்று தொடங்கும். பின்னதற்கானது `upi://mandate` என்று தொடங்கும். கியூ.ஆர். குறியாக வந்திருந்தால் சாதாரண ஸ்கேனர் ஒன்றில் காட்டி இந்த முதல் சொல்லைப் பார்த்துவிடலாம். பொத்தானாக வந்தால் அந்த வசதி இல்லை, செயலியின் திரைதான் சான்று. இரண்டுக்கும் ரகசிய எண்ணை ஒரே மாதிரிதான் உள்ளிடுகிறோம். ஆனால் தொடர் பிடித்தத்தில் ஒருமுறை உள்ளிட்டுவிட்டால், பொதுவாக 15,000 ரூபாய் வரையிலான அடுத்தடுத்த பிடித்தங்களுக்கு மீண்டும் ரகசிய எண் கேட்கப்படாது. மின்கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் பயன்படும் நல்ல வசதி இது. இரண்டு மணி நேரப் பயிலரங்கத்தின் நுழைவுக் கட்டணத்துக்கு இதற்கான தேவை எதுவும் இல்லை. ஒருமுறை நடக்கும் நிகழ்ச்சிக்கு ‘மாதந்தோறும்’ என்ற சொல் எங்கே வந்தாலும், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும், அங்கேயே வெளியேறிவிட வேண்டும்.

பயிலரங்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘நேரலை’ என்று போட்டிருந்தாலும் ஓடியது பழைய ஒளிப்பதிவு. ஓரத்தில் வேகமாக நகர்ந்த அரட்டைப் பெட்டியில் ‘அருமை ஐயா’, ‘கோப்பு கிடைக்குமா?’ என்று யாரோ எழுதிக்கொண்டே இருந்தார்கள். நான் தட்டச்சு செய்த கேள்விக்குப் பேச்சாளரும் பதில் சொல்லவில்லை, அது அந்தப் பெட்டியிலும் தோன்றவில்லை. ஒளிப்பதிவுதான் என்பதை உறுதிப்படுத்தியது ஜி.எஸ்.டி. தளத்தின் திரை. நமக்கு வந்த ஒவ்வொரு பில்லையும் ஏற்கவோ மறுக்கவோ நிலுவையில் வைக்கவோ உதவும் இன்வாய்ஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம் 2024 அக்டோபரில் அந்தத் தளத்துக்கு வந்தது. நாம் அங்கே செய்வதைப் பொறுத்தே 2பி அமைகிறது. அவர் உள்நுழைந்து காட்டிய பட்டியலில் அப்படியொன்று இல்லவே இல்லை. அதாவது, இன்று 2பி-யை விளக்க வந்தவர் இன்றைய 2பி எப்படி உருவாகிறது என்பதைத் தொடவே இல்லை. முதல் பாதியில் எக்செலின் வி-லுக்கப் சூத்திரத்தை விளக்கிவிட்டு, மீதி நேரம் முழுவதையும் பல்லாயிரம் ரூபாய் மதிப்புள்ள ஒரு படிப்பை விற்பதிலேயே செலவிட்டார். பின்னர் வந்த எக்செல் கோப்பு இரண்டு நெடுவரிசைகளை ஒப்பிடும் சாதாரணக் கோப்பு. பில் எண்ணில் உள்ள சாய்கோட்டைக்கூட அது நீக்கவில்லை.

தரமற்ற வகுப்புக்கு 9 ரூபாய் போனது என்று இதை விட்டிருக்கலாம். அடுத்த மாதம் 499 ரூபாய் பிடிக்கப்பட்டபோதுதான் அந்தப் பொத்தான் எதற்காக வைக்கப்பட்டது என்பது விளங்கியது. தொடர் பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதன்படி குறுஞ்செய்தியும் வந்திருந்தது. ஆனால் அதில் இருந்த வணிகரின் பெயர் பயிலரங்கத்தின் பெயரோ மின்னஞ்சலில் இருந்த பெயரோ அல்ல, இதுவரை கேள்விப்படாத வேறொரு பெயர். பிடித்தம் நடந்தபின் செயலியின் வரலாற்றில் தேடி, அந்தப் பெயரையும் முதல் 9 ரூபாயையும் பொருத்திப் பார்த்தபோதுதான் இரண்டும் ஒன்று என்பது தெரிந்தது. நாங்கள் விற்பவர் பெயரையும் பில்லையும் பொருத்துவதைப் போலவே இதையும் பொருத்த வேண்டியிருந்தது என்பது தனி வேடிக்கை.

இப்படிப் பிடித்தம் நடந்தவர்கள் முதலில் செய்ய வேண்டியது, நிறுவனத்துக்கு மடல் எழுதிக் காத்திருப்பதல்ல. யு.பி.ஐ. செயலியில் சுயவிவரப் பகுதிக்குள் ஆட்டோபே என்ற பிரிவு இருக்கும். அங்கே நடப்பில் உள்ள அனுமதிகள் எல்லாம் வணிகர் பெயருடன் பட்டியலாக வரும். உரியதைத் தேர்ந்தெடுத்து ரத்துசெய்து ரகசிய எண்ணை உள்ளிட்டால் முடிந்தது; நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை. தற்காலிகமாக நிறுத்துவது என்ற தெரிவும் அருகிலேயே இருக்கும், அது போதாது. ரத்துசெய்வதற்கு முன் அந்தத் திரையைப் படம்பிடித்து, அதில் உள்ள யு.எம்.என். என்ற அனுமதி எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்து என்பது இனிமேல் நடக்கும் பிடித்தத்தைத் தடுக்குமே தவிர, போன பணத்தைத் திருப்பித் தராது. பணத்தைக் கேட்க அந்த எண் வேண்டும்.

நிறுவனத்துக்கு நான் எழுதிய மடலுக்கு, நிபந்தனைகளை ஏற்றுத்தான் உறுப்பினரானீர்கள் என்று பதில் வந்தது. அந்த நிபந்தனைகள் பதிவுப் பக்கத்தின் அடியில் ஓர் இணைப்புக்குள் இருந்தன. பயிலரங்கத்தில் சேர்வது மாதச் சந்தா உறுப்பினராவதாகவும் கருதப்படும் என்று அங்கே எழுதியிருந்தது உண்மைதான். மின்னஞ்சலில் ‘சந்தா’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டு நெறிமுறைகள், இணையப் பக்கங்களில் வாங்குவோரைத் திசைதிருப்பும் 13 வகைச் சூழ்ச்சிகளைப் பட்டியலிடுகின்றன. சந்தா வலையில் சிக்கவைப்பதும், விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்துப் பின்னர் வெளிப்படுத்துவதும், பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் அவற்றுள் அடங்கும். பதிவுப் பக்கத்தில் ‘37 இருக்கைகளே மீதம்’ என்ற வரி, பக்கத்தை எத்தனை முறை புதிதாகத் திறந்தாலும் 37 என்றே நின்றது. ஒளிப்பதிவுக்கு இருக்கைக் கணக்கு எதற்கு என்று கேட்க அங்கே யாருமில்லை.

தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே புகார் கூறினேன். அழைப்பு மின்னஞ்சல், உச்சவரம்புக் குறிப்பு இருந்த பக்கத்தின் படம், ஆட்டோபே திரை, வங்கிக் கணக்கின் இரண்டு பதிவுகள் ஆகியவற்றை இணைத்தேன். உச்சவரம்புக் குறிப்பின் படம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். நிபந்தனைகளைக் காட்டி வாதாடிய நிறுவனம் அந்தப் படத்துக்கு விளக்கம் தரவில்லை. 499 ரூபாய் கணக்குக்குத் திரும்பி வந்தது. பயிலரங்கம் நடந்துவிட்டதால் 9 ரூபாய் திருப்பித் தரப்படாது என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை இப்போது திறந்தால் உச்சவரம்புக் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறது. பொத்தான் திறக்கும் செயலித் திரையில் ‘மாதந்தோறும்’ என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.